செத்தவீட்டில் வாசித்தாலும் குழம்பாத மரணசாதனப் பந்தி: படிப்படியாகத் திருத்தி எழுதுவது எப்படி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் மரணசாதனத்தைப் பெரும்பாலும் எட்டுச் செலவு முடிந்த கையோடு, அல்லது அந்தியேட்டிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கும்போதுதான் பிரித்து வாசிக்கிறார்கள். ஒருவரும் சரியாக நித்திரை கொண்டிருக்க மாட்டார்கள். ஆளுக்காள் தாங்கள் கேட்க நினைத்ததையே கேட்பார்கள். எழுதியவர் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லவும் முடியாது. ஆகவே, யாருக்கு எது போகிறது என்று சொல்லும் பந்திக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு பந்தியைப் பற்றியது. கீழே உள்ளது நான் உதாரணத்துக்காக அமைத்தது. ஆனால் நொத்தாரிசிடம் கொண்டுவரப்படும் கொப்பித் தாள்களில் இதே வசனங்களைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

"எனது காணிபூமி முழுவதும் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரவேண்டும். வீட்டுவளவில் அரைவாசி மூத்தவனுக்கு, மிச்சம் தங்கச்சிக்கு. வயல், என்னையும் அம்மாவையும் கடைசிமட்டும் பார்க்கிற பிள்ளைக்கு. தம்பி வந்தால் அவனுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். நகைகள் பொம்பிளைப் பிள்ளைக்கு. காணியை ஒருவரும் வெளியாளுக்கு விற்கக் கூடாது. அம்மாவை எல்லோரும் பார்க்க வேண்டும்."

எழுதியவர் கிளிநொச்சியில் இருக்கும் ஓர் அப்பா என்று வைத்துக்கொள்வோம். மனைவி இருக்கிறார். மூத்த மகன் ஊரிலேயே இருக்கிறார். மகள் திருமணமாகி வவுனியாவில். இளைய மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. அவருக்குத் திருமணமாகவில்லை. சொத்து: வீட்டோடு எட்டுப் பரப்பு உறுதிக்காணி, இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் பெர்மிட் வயல், தகப்பன் வழியில் வந்த மூன்று ஏக்கர் மேட்டுக்காணி, கொஞ்ச நகை, ஒரு லேண்ட் மாஸ்டர், வங்கியில் கொஞ்சப் பணம்.

## தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு காணியின் உறுதி, பெர்மிட் அல்லது அளிப்புப் பத்திரம், இருக்கிற நில அளவைப்படம், பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், வாகனப் பதிவுப் புத்தகம். இவ்வளவும் வேண்டும்.

இதையெல்லாம் எடுக்காமல் ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்குவதுதான் புதியவர்கள் விடுகிற முதல் பிழை. இடம்பெயர்வுகளில் உறுதிகள் தொலைந்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். உங்களுடையதும் அப்படியென்றால், முதலில் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடி, உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். உறுதி இலக்கம் இல்லாமல் எழுதும் பந்தி, "எந்தக் காணி?" என்ற கேள்வியை உங்கள் பிள்ளைகளிடம் விட்டுச் செல்லும்.

## 1. உங்களால் கொடுக்க முடியாததை முதலில் வெளியே எடுங்கள்

எழுத்துநடையைத் திருத்துவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். எவ்வளவு தெளிவாக எழுதினாலும், உங்களுக்குக் கொடுக்க உரிமை இல்லாத சொத்தைப் பற்றிய வசனம் சண்டைக்கு மட்டுமே உதவும்.

பெர்மிட் வயல். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டிலோ அளிப்பிலோ கிடைத்த அரச காணியை மரணசாதனத்தால் கொடுக்க முடியாது. அதற்குப் பின்னுரித்தாளர் நியமனம் என்ற தனி வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவுக்குப் போய் அதற்குரிய படிவத்தை நிரப்பி, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அதைப் பதிவு செய்து முடிக்க வேண்டும். படிவத்தை நிரப்பி அலுமாரிக்குள் வைத்தால் போதாது. நம் உதாரணத்தில் "வயல், கடைசிமட்டும் பார்க்கிற பிள்ளைக்கு" என்ற வசனம் அப்படியே வெளியே போகிறது. வன்னியில் வயலும் குடியிருப்புக் காணியும் பெரும்பாலும் இந்த வகையில் வருவதால், பல மரணசாதனங்களில் பாதிப் பந்தி இந்தப் படியிலேயே கழிந்துவிடும்.

மற்றவர் பங்கு. எட்டுப் பரப்பு வளவின் உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் சமமாக இருக்கிறது. ஆகவே அப்பாவால் கொடுக்கக்கூடியது பிரிபடாத 1/2 பங்கு மட்டுமே. உறுதி ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும், தேசவழமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், திருமணத்துக்குப் பிறகு வாங்கியது தேடியதேட்டமா, அதாவது கணவன், மனைவி இருவருக்கும் உரிய சொத்தா என்ற கேள்வி வரும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கும் யாழ்ப்பாண வழிக் குடும்பங்களுக்கும் இதில் ஒரே விடை கிடைக்காமல் போகலாம். உறுதியைக் காட்டி நொத்தாரிசிடம் நேரே கேளுங்கள்.

நகை. மனைவி சீதனமாகக் கொண்டுவந்த தாலிக்கொடியும் காப்பும் மனைவியுடையவை. அப்பா அவற்றைக் கொடுக்க முடியாது. அவர் வாங்கித் தன்னிடம் வைத்திருக்கும் நகை இருந்தால் அதை மட்டும் எழுதலாம். நம் உதாரணத்தில் ஒரு மோதிரமும் ஒரு சங்கிலியும்தான் மிஞ்சுகின்றன.

வங்கிப் பணம். கணக்கில் யாருடைய பெயரைப் பின்னுரிமைக்குக் குறித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தப் பெயரும் மரணசாதனத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். வங்கியில் மகன், மரணசாதனத்தில் மகள் என்று இருந்தால் வங்கி வாசலிலேயே பிரச்சினை தொடங்கிவிடும்.

## 2. பந்தியை வசனம் வசனமாக வெட்டுங்கள்

வெறும் தாள் ஒன்றை எடுத்து, மிஞ்சிய ஒவ்வொரு வசனத்தையும் தனி வரியில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு கேள்விகள்: யாருக்கு? எது? எவ்வளவு? எந்த நிபந்தனையோடு? பதில் இல்லாத இடத்தில் கோடு போடுங்கள்.

இப்படி வெட்டும்போதுதான் வசனங்கள் ஒன்றோடொன்று மோதுவது தெரியும். "முழுவதும் சமமாக" என்கிறது முதல் வசனம். ஆனால் அடுத்தது வீட்டை இரண்டு பேருக்கு மட்டும் கொடுக்கிறது. "தம்பிக்கும் ஒரு பங்கு" என்று பின்னால் வருகிறது. அது எதில் பங்கு? வீட்டிலா, மேட்டுக்காணியிலா, எல்லாவற்றிலுமா? அப்பாவின் மனதில் இது தெளிவாக இருந்திருக்கும். தாளில் மூன்று பதிலுக்கும் இடம் இருக்கிறது, கேட்க வருபவர்களும் மூன்று பேர்.

பொதுவாகச் சொல்லும் "சமமாக" என்ற வசனத்தை முற்றாக எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றொன்றாகக் கொடுத்த பிறகு அதற்கு வேலை இல்லை. அது இருந்தால், குறைவாகக் கிடைத்ததாக நினைப்பவர் பிடித்துக்கொள்ளும் முதல் கொம்பு அதுதான்.

## 3. ஆளை உறவுப் பெயரால் அல்ல, அடையாளத்தால் எழுதுங்கள்

வீட்டில் மகளைத் "தங்கச்சி" என்றும் கடைசி மகனைத் "தம்பி" என்றும் தாய் தகப்பனே கூப்பிடுவது நம் வழக்கம். ஆனால் தாளில் "தங்கச்சி" என்பது அப்பாவின் சொந்தத் தங்கையாகவும் இருக்கலாம். அவரும் பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்தால் விஷயம் சுலபமாக முடியாது. "அம்மா" என்பது மனைவியா, எழுதியவரைப் பெற்றவரா? இதுவும் அப்படித்தான்.

எழுத வேண்டிய முறை இது:

"எனது மகள் ________ (பிறப்புச் சான்றிதழில் உள்ள முழுப்பெயர்), தேசிய அடையாள அட்டை இலக்கம் ________, ________ என்பவரின் மனைவி."

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது விதம் என்று இருப்பது இங்கே சாதாரணம். முகாம்களிலும் மீள்குடியேற்றத்திலும் அவசரமாகப் பதிந்த பெயர்கள் இன்னும் குழப்பம். அப்படி இருந்தால் "________ என்றும் ________ என்றும் அழைக்கப்படும்" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். வீட்டுப் பெயரையும் வேண்டுமானால் இந்த இடத்தில் ஒருமுறை சேர்க்கலாம். அதன் பிறகு பந்தி முழுவதும் "எனது மகள்", "எனது மூத்த மகன்", "எனது இளைய மகன்", "எனது மனைவி" என்று ஒரே சொல்லையே பயன்படுத்துங்கள். நடையழகுக்காக ஓரிடத்தில் "மகள்", இன்னோரிடத்தில் "புதல்வி" என்று மாற்ற வேண்டாம். வேறு சொல் வந்தால் வேறு ஆள் என்று வாதாட ஒருவர் வருவார்.

## 4. காணியை அளவைப்படத்தால் அடையாளம் காட்டுங்கள்

"மேட்டுக்காணி" என்றால் வீட்டாருக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியாது. காணியின் பெயர், கிராமம், கிராம அலுவலர் பிரிவு, உறுதி இலக்கமும் திகதியும், அளவைப்பட இலக்கம், துண்டு இலக்கம், நான்கு எல்லை. இவை உறுதியில் உள்ளபடியே வரட்டும். பரப்பளவையும் உறுதியிலும் படத்திலும் உள்ள அலகிலேயே எழுதுங்கள். நீங்களாகப் பரப்பை ஏக்கராக்கி, ஏக்கரை ஹெக்டேயராக்கி எழுதினால், கணக்கில் வரும் சின்ன வித்தியாசம் எல்லை வேலிக்கு வந்து நிற்கும்.

மூன்று ஏக்கரை மூன்று பிள்ளைகளுக்கு "ஆளுக்கு மூன்றிலொரு பங்கு" என்று எழுதுவது சுலபம். ஆனால் அது பிரிபடாத பங்கு. ஒவ்வொரு கைப்பிடி மண்ணிலும் மூவருக்கும் பங்கு உண்டு என்று அர்த்தம். றோட்டுப் பக்கம் யாருக்கு என்ற கேள்வி பிறகு பிரிவினை வழக்காகிவிடும். உயிரோடு இருக்கும்போதே உத்தரவு பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு துண்டு 1, 2, 3 என்று பிரித்துப் படம் போடுங்கள். செலவுதான், ஆனால் வழக்கறிஞருக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

அளக்கும்போது கிணற்றையும் பாதையையும் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நம் உதாரணத்தில் கிணறு துண்டு 2 இல் இருக்கிறது, றோட்டு துண்டு 1 பக்கம். துண்டு 3 காரருக்குப் பாதையும் இல்லை, தண்ணீரும் இல்லை. வன்னியின் ஆடி, ஆவணி மாதங்களில் தண்ணீர் இல்லாத மேட்டுக்காணிக்கு என்ன பெறுமதி? ஆகவே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் பந்திக்குள் எழுத்தில் வர வேண்டும். யார் யாருக்கு, எந்த வழியாக, எத்தனை அடி அகலத்தில் என்று சொல்ல வேண்டும்.

## 5. பங்கை முழுக்காணியின் பின்னமாக எழுதுங்கள்

"வீட்டுவளவில் அரைவாசி மூத்தவனுக்கு, மிச்சம் தங்கச்சிக்கு." எதில் அரைவாசி?

அப்பாவின் பங்கில் அரைவாசி என்றால் மூத்த மகனுக்கு முழு வளவில் 1/4, மகளுக்கு 1/4. முழு வளவில் அரைவாசி என்றால் அப்பாவின் 1/2 முழுவதும் மூத்த மகனுக்கே போய்விடும். மிச்சம் என்று மகளுக்குச் சொன்னது அம்மாவின் பங்கு, அதை அப்பா கொடுக்க முடியாது. ஆக, மகளுக்கு ஒன்றும் இல்லை. ஒரே வசனத்துக்கு இரண்டு கணக்கு, இரண்டும் நியாயமாகவே கேட்கும்.

எப்போதும் முழுக்காணியை 1 என்று வைத்து எழுதுங்கள். உங்களுடையது அல்லாத பங்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கூட்டிப் பார்க்கலாம்:

"இக்காணியில் எனது மனைவிக்கு ஏற்கனவே உரித்தான 1/2 பங்கு நீங்க, எனக்கு உரித்தான பிரிபடாத 1/2 பங்கில், முழுக்காணியின் 1/4 பங்கை எனது மூத்த மகனுக்கும் முழுக்காணியின் 1/4 பங்கை எனது மகளுக்கும் கொடுக்கிறேன்."

1/2, 1/4, 1/4. கூட்டினால் 1 வருகிறது. வராவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது ஒரே மண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். "மிச்சம்", "பாதி", "ஒரு பங்கு", "கொஞ்சம்" ஆகிய சொற்களைக் காணும் இடமெல்லாம் நின்று பின்னமாக்குங்கள்.

## 6. நிபந்தனையையும் ஆசையையும் பிரியுங்கள்

இங்கேதான் நேரம் எடுக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் நான்கு விஷயம் வேண்டும்: என்ன நடக்க வேண்டும், எந்தத் திகதிக்குள், நடந்ததா இல்லையா என்று யார் சொல்வது, நடக்காவிட்டால் சொத்து யாருக்கு. நான்கில் ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் அது ஆசை. ஆசையைப் பந்திக்குள் வைக்காதீர்கள். தனிக் கடிதமாக எழுதிக் கொடுங்கள், பிள்ளைகள் வாசித்து அழட்டும். சொத்தை அதனோடு கட்டாதீர்கள்.

"கடைசிமட்டும் பார்க்கிற பிள்ளைக்கு." ஒரு பிள்ளை வீட்டில் இருந்து சமைத்துக் கொடுத்தது, இன்னொரு பிள்ளை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, மூன்றாவது பிள்ளை வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியது. யார் பார்த்தது? இதை அளக்க ஒருவராலும் முடியாது. இந்த வசனம் செத்தவீட்டில் எழுப்பும் வார்த்தைகளைப் பிறகு திருப்பி எடுக்கவும் முடியாது. யாருக்குக் கொடுக்க நினைக்கிறீர்களோ அவரை இன்றே பெயரால் எழுதுங்கள். நாளை நிலைமை மாறினால் புது மரணசாதனம் எழுதலாம். சாகும்வரை மாற்றும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அந்தத் தீர்ப்பை ஏன் பிள்ளைகளிடம் தள்ளுகிறீர்கள்? நம் உதாரணத்தில் இந்த வசனம் பெர்மிட் வயலைப் பற்றியது, ஆகவே அந்தப் பெயர் பின்னுரித்தாளர் படிவத்துக்குப் போகிறது.

"அம்மாவை எல்லோரும் பார்க்க வேண்டும்." எல்லோரும் என்றால் ஒருவரும் பொறுப்பில்லை. இதற்குள் உண்மையில் இருக்கும் பயம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு அவளை அங்கும் இங்கும் அலைய விடுவார்கள்" என்பதுதான். அதற்குச் சட்டத்தில் ஆயுதம் இருக்கிறது: சீவிய உரித்து. பிள்ளைகளுக்குப் போகும் 1/2 பங்கின் மேல் மனைவிக்குச் சீவிய உரித்து வைத்தால், அவர் இருக்கும்வரை அங்கே குடியிருக்கவும் வருமானத்தை எடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. பிள்ளைகளின் சொந்தமும் கைவிட்டுப் போகாது. பார்க்க வேண்டும் என்ற ஆசை கடிதத்துக்குப் போகட்டும்.

"வெளியாளுக்கு விற்கக் கூடாது." இதைப் பலர் விடாப்பிடியாகக் கேட்கிறார்கள், காரணமும் புரிகிறது. ஆனால் காணியை விற்காமல் தலைமுறைக்குத் தலைமுறை கடத்த வேண்டும் என்று கட்டிப்போடும் பழைய ஏற்பாட்டை இலங்கையில் 1972 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. அப்படி எழுதினால் அது நிற்காது, ஆனால் நிற்கும் என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையோடு வருடக்கணக்கில் பேசாமல் இருக்கும். விற்பதாக இருந்தால் முதலில் சகோதரங்களுக்கு எழுத்தில் அறிவித்து 60 நாள் பொறுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வேண்டுமானால், அதை எப்படிச் செல்லுபடியாக எழுதலாம் என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். தேசவழமை பொருந்துகிறவர்களுக்குக் கூட்டுச் சொந்தக்காரர் முதலில் வாங்கும் உரிமை ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது, அதுவே போதுமாக இருக்கலாம்.

## 7. "தம்பி வந்தால்"

வன்னியில் இந்த வரி இல்லாத மரணசாதனங்கள் குறைவு. எடுத்துவிடுங்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். அதை ஒழுங்காக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், "இறந்திருந்தால்" என்ற சொல்லை எழுதாதீர்கள். தாய் அதை வாசிக்கும்போது மரணசாதனமே மகனுக்கு மரணச் சான்றிதழ் கொடுத்ததுபோல் ஆகிவிடும். "நான் இறக்கும் நாளில் அவர் இருக்குமிடம் தெரியாதிருந்தால்" என்று எழுதுங்கள். சட்டத்துக்கும் போதும், வீட்டுக்கும் தாங்கும்.

இரண்டாவது, எந்தச் சான்றிதழையும் முடிவாக வைக்காதீர்கள். உதவித் தொகைக்காகவோ வேறு தேவைக்காகவோ ஒரு குடும்பம் மரணச் சான்றிதழை எடுத்திருக்கும், அல்லது காணாமற்போனவர் என்று பதிவாளர் தரும் சான்றிதழை எடுத்திருக்கும். அதை எடுத்ததால் தம்பியின் காணி கைமாறிவிட்டது என்ற நிலை வந்தால், அடுத்தமுறை எந்தத் தாயும் ஒரு படிவத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். திகதியை முடிவாக வையுங்கள்.

மூன்றாவது, யார் வைத்திருப்பது? "அக்காவும் அண்ணாவும் வைத்திருந்து, அவன் வந்தால் திருப்பிக் கொடுக்கட்டும்" என்பதே எல்லோருக்கும் தோன்றும் வழி. ஆனால் ஒருவருக்குச் சொந்தமாகக் கொடுத்து, பிறகு இன்னொருவருக்குக் கடத்தச் சொல்லும் ஏற்பாடு மேலே சொன்ன 1972 சட்டத்தில் மாட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே நம்பிக்கைப் பொறுப்பாக ஒருவரிடம் வைக்க வேண்டும். அந்த ஆள், தம்பி வராவிட்டால் காணி கிடைக்கப்போகும் ஆளாக இருக்கக் கூடாது. தாய்மாமன் ஒருவர் இருந்தால் பொருத்தம். வந்தவர் தம்பிதானா என்று தீர்மானிக்க வேண்டி வரும்போது, லாபம் இல்லாதவர் கையில் அது இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

நான்காவது, இடைப்பட்ட காலத்தில் குத்தகைப் பணம் யாருக்கு, வேலி அடைப்பது யார் செலவு? எழுதாவிட்டால் முதலாவது பெரும்போகத்திலேயே கேள்வி வரும்.

எழுதினால் இப்படி வரும்:

"துண்டு 3 எனது இளைய மகனுக்குச் சேரும். நான் இறக்கும் நாளில் அவர் இருக்குமிடம் தெரியாதிருந்தால், அத்துண்டை ________ (மனைவியின் சகோதரர்) நம்பிக்கைப் பொறுப்பாளராக வைத்திருப்பார். அதன் வருமானத்திலிருந்து வேலி, வரிச் செலவு போக மிகுதியை எனது மனைவிக்கு, அவர் உயிரோடிருக்கும்வரை கொடுப்பார். நான் இறந்து ஐந்து வருடம் முடிதல், எனது மனைவி இறத்தல் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ, அந்த நாளுக்குள் எனது இளைய மகன் வந்து தன் அடையாளத்தை நிறுவினால் துண்டு 3 அவருக்கே முழுமையாகச் சேரும். அந்த நாளுக்குள் அவர் வராவிட்டால், அதில் 1/2 பங்கு எனது மூத்த மகனுக்கும் 1/2 பங்கு எனது மகளுக்கும் சேரும்."

ஐந்து வருடம் என்பது என் தெரிவு, நீங்கள் பத்து என்றும் வைக்கலாம். மனைவி இருக்கும்வரை என்பதை மட்டும் எடுக்க வேண்டாம். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தம்பியின் துண்டைப் பிரிக்கும் நிலை பிள்ளைகளுக்கு வரக் கூடாது. நம்பிக்கைப் பொறுப்பின் சட்டச் சொற்களை நொத்தாரிசு சீர்செய்வார். அந்த நான்கு தீர்மானங்களையும் எடுத்துக்கொண்டு போவது உங்கள் வேலை. அவர் உங்களுக்காக அவற்றை ஊகிக்க முடியாது.

## 8. மாற்றாளும் மிகுதியும்

கொடுக்கப்பட்டவர் உங்களுக்கு முன்னே இறந்துவிட்டால்? ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று வரி வேண்டும்: "எனது மகள் எனக்கு முன் இறந்தால், அவருக்குரிய பங்கு அவருடைய பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். பிள்ளைகள் இல்லாவிட்டால் எனது மூத்த மகனுக்குச் சேரும்." மருமகனுக்குப் போக வேண்டுமா, பேரப்பிள்ளைக்கா என்பதை இங்கே தீர்த்துவிட வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் இப்போது சொல்வதுதான் சுலபம்.

நம்பிக்கைப் பொறுப்பாளருக்கும் மாற்றாள் ஒருவரைப் போடுங்கள். அவருக்கும் வயதாகும்.

கடைசியாக, பெயர் சொல்லாத எல்லாவற்றுக்கும் ஒரு வரி: "இதில் குறிப்பிடாத எனது ஏனைய அசையும், அசையாச் சொத்துகள் யாவும் ________ க்குச் சேரும்." இது இல்லாவிட்டால், எழுதிய பிறகு வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிளுக்காக மரணசாதனமே எழுதாததுபோல் பங்கு பிரிக்க வேண்டி வரும்.

## 9. அடுக்கி எழுதுங்கள்

ஒரே பந்தியாக ஓட விடாமல், ஒரு சொத்துக்கு ஓர் இலக்கம் கொடுங்கள். அழுதுகொண்டு வாசிப்பவருக்கும் "என்னுடையது 3 ஆம் இலக்கம்" என்று விளங்க வேண்டும். உதாரணம் கடைசியில் இந்த வடிவத்துக்கு வருகிறது. ஆட்களின் முழு விபரமும் காணி விபரமும் இதற்கு மேலே ஒருமுறை கொடுக்கப்பட்டுவிட்டன என்று கொள்ளுங்கள்.

"1. வீட்டுவளவில் எனக்கு உரித்தான 1/2 பங்கில், முழுக்காணியின் 1/4 எனது மூத்த மகனுக்கும் 1/4 எனது மகளுக்கும் சேரும். இவ்விரு பங்கின் மேலும் எனது மனைவிக்குச் சீவிய உரித்து உண்டு.

2. மேட்டுக்காணித் துண்டு 1 எனது மூத்த மகனுக்குச் சேரும். துண்டு 2 க்கும் துண்டு 3 க்கும் செல்லும், படத்தில் காட்டிய 10 அடிப் பாதையை அவர் திறந்து விட்டிருக்க வேண்டும்.

3. துண்டு 2 எனது மகளுக்குச் சேரும். அதிலுள்ள கிணற்றில் துண்டு 1, துண்டு 3 சொந்தக்காரருக்கு ஆளுக்கு 1/3 பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உண்டு.

4. துண்டு 3 (மேலே 7 ஆம் படியில் எழுதியபடி).

5. லேண்ட் மாஸ்டர், பதிவு இலக்கம் ________, எனது மூத்த மகனுக்குச் சேரும். எனது பெயர் பொறித்த மோதிரமும் ஒரு தங்கச் சங்கிலியும் எனது மகளுக்குச் சேரும்.

6. மாற்றாள் வரிகள்.

7. ஏனைய சொத்துகள் யாவும் எனது மனைவிக்குச் சேரும்."

வசனத்தின் முடிவில் எங்கும் "சேரும்" என்றே வருவதைப் பாருங்கள். "கொடுக்கலாம்", "கொடுத்தால் நல்லது", "கொடுக்க விரும்புகிறேன்" என்று மாறி மாறி எழுதினால், ஒன்று கட்டளை, மற்றது விருப்பம் என்று பிரித்துப் பேச வழி கிடைக்கும்.

## 10. குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்

உங்கள் வீட்டைத் தெரியாத, வாய் கட்டிய ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்றால் நல்லது. தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் விளக்கம் ஒன்றும் சொல்லக் கூடாது. பிறகு கேளுங்கள்: மகள் முன்னே இறந்தால் கிணறு யாருக்கு? தம்பி ஆறாவது வருடம் வந்தால், அம்மா அப்போதும் இருந்தால் என்ன? மூத்த மகன் தன் 1/4 பங்கை நாளைக்கே விற்றால் அம்மா வெளியேற வேண்டுமா?

அவர் தாளைப் பார்த்துப் பதில் சொன்னால் சரி. தாளை விட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். "அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்" என்பதும் தோல்விதான்.

## 11. கையெழுத்து

திருத்திய பந்தியைப் பழைய மரணசாதனத்தின் மேல் வெட்டியும் ஓரத்தில் எழுதியும் ஒட்ட வேண்டாம். அந்த வெட்டு எப்போது, யாரால் நடந்தது என்பதே பிறகு வழக்காகும். புது மரணசாதனமாகவே எழுதி, "இதற்கு முன் எழுதிய மரணசாதனங்கள் யாவையும் இரத்துச் செய்கிறேன்" என்ற வரியை முதலில் வையுங்கள்.

1840 இன் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் என்றால் ஐந்து சாட்சிகள். இவ்வளவு நிபந்தனை உள்ள பந்தியை ஐந்து சாட்சிகளோடு வீட்டில் முடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாட்சிக்கு, பந்தியில் பெயர் உள்ள எவரையும், அவருடைய கணவனையோ மனைவியையோ கூப்பிடாதீர்கள். "வீட்டுக்குள்ளே முடிப்போம்" என்று மருமகனைச் சாட்சி வைப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. அது மகளுக்குப் போகும் பங்கையே ஆபத்தில் போடும். தம்பியின் துண்டை வைத்திருக்கப்போகும் தாய்மாமனும் சாட்சியாக வேண்டாம்.

புதியதில் கையெழுத்து விழும்வரை பழையதைக் கிழிக்காதீர்கள். விழுந்த பிறகு, பழையதின் போட்டோப் பிரதிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று நினைத்துப் பார்த்து, அவர்களிடம் திகதியைச் சொல்லி வாங்கிவிடுங்கள். மூல மரணசாதனம் எங்கே இருக்கிறது என்பதை, அதை நிறைவேற்ற நீங்கள் நியமித்த நிறைவேற்றாளருக்கும் மனைவிக்கும் சொல்லுங்கள். அந்தியேட்டி நாளில் ஒருவர் பைக்குள் இருந்து பழைய பிரதியை எடுத்தால், திகதி பிந்தியது எது என்று அவர்களால் உடனே காட்ட முடியும்.